ஸ்டுட்கார்ட்டுக்கு ஃபில்டர் காபிப்பொடி: வாசனையும் போகாமல், சுங்கத்திலும் நிற்காமல் அனுப்புவது எப்படி?

மன்னை மல்லிகை

அனைவருக்கும் வணக்கம். மகள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. காலையில் ஒரு டம்ளர் நல்ல காபி கிடைத்தால் போதும், அந்த நாளை ஓட்டிவிடுவேன் என்கிறாள். அங்கே கிடைக்கும் பொடி எதுவும் நம் ஃபில்டரில் சரியாக இறங்குவதில்லையாம். இறங்கினாலும் பால் சேர்த்ததும் காணாமல் போய்விடுகிறதாம்.

போன மார்ச்சில் ஒன்றரை கிலோ அனுப்பினேன். பீபரிக் கொட்டையும் பிளான்டேஷன் ஏ கொட்டையும் பாதிப் பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது. கடையில் என் கண் முன்னால் வறுத்து அரைத்துக் கொடுத்தார்கள். பொட்டலம் கைக்குச் சூடாக இருந்தது. அதே சூட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு பாலிதீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் கட்டி, மேலே டேப் சுற்றி, குழந்தையின் சட்டைகளுக்கு நடுவில் வைத்து, அன்று மாலையே பார்சலில் சேர்த்துவிட்டேன். போய்ச் சேர 19 நாள் ஆனது.

மகள் பெட்டியைத் திறந்ததும் சட்டையெல்லாம் காபி வாசமாம். பொடியை முகர்ந்தால் ஒன்றுமே இல்லையாம். ஓரங்களில் கட்டி கட்டியாக இருந்ததாம். ஃபில்டரில் வெந்நீர் ஊற்றினால் பொடி உப்பி மேலே வருமே, அது வரவே இல்லை, தண்ணீர் அப்படியே கீழே போய்விட்டது என்றாள். அது போதாது என்று சுங்கத்திலிருந்து கடிதம் வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரில் போய் வரி கட்டித்தான் பெட்டியை வாங்கியிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இந்த முறை இரண்டு கிலோ அனுப்பலாம் என்று இருக்கிறேன். எப்படிக் கட்டுவது? கொட்டையாக அனுப்புவது நல்லதா? எவ்வளவு வரை அனுப்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிகாஷன் பிரியன்

அம்மா, ரொம்ப சுலபம். வாக்குவம் சீலர் என்று மெஷின் விற்கிறது, ஒன்று வாங்குங்கள். காற்றை முழுக்க உறிஞ்சி ஒட்டிவிடும். காற்று இல்லையென்றால் பொடி ஆறு மாதம் ஆனாலும் கெடாது. உள்ளே இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டுவிடுங்கள், கட்டி பிடிக்காது. நான் பெங்களூரிலிருந்து துபாய்க்கு அண்ணனுக்கு இப்படித்தான் அனுப்புகிறேன்.

புதுப்பால்

ஏன் இவ்வளவு சிரமம்? இன்ஸ்டன்ட் காபி கண்ணாடி பாட்டிலிலேயே சீல் வைத்து வருகிறது. அதைக் குமிழி ஷீட்டில் சுற்றி அனுப்பினால் உடையாது. மூடியைச் சுற்றி மட்டும் டேப் ஒட்டுங்கள்.

மன்னை மல்லிகை

புதுப்பால், நான் கேட்டது ஃபில்டர் பொடி பற்றி. இன்ஸ்டன்ட் அவள் குடிப்பதில்லை. அக்கறையாகச் சொன்னதற்கு நன்றி.

அரவைக்கடை

டீச்சர் வணக்கம். (உங்கள் பழைய பதிவுகளைப் படித்திருக்கிறேன், டீச்சர் என்றே கூப்பிடுகிறேன்.) எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வறுத்து அரைத்து விற்கிறோம். வெளிநாட்டுக்கு என்று சொல்லி வாங்குபவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். எங்கே தவறியது என்பது நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது.

முதலில் அந்தச் சட்டை வாசம். பாலிதீன் கவர் ஈரத்தை ஓரளவு தடுக்கும், காபி வாசத்தைத் தடுக்காது. கவர் கிழியவே வேண்டாம், அதன் உடம்பு வழியாகவே வாசம் வெளியே போய்க்கொண்டிருக்கும். அதே வழியில் வெளிக்காற்றின் ஆக்சிஜன் உள்ளே வரும். இரண்டு கவர் போட்டாலும் அதே கதைதான், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. 19 நாளில் பொடியில் இருக்க வேண்டியது சட்டைக்குப் போய்விட்டது.

அடுத்தது சூடு. இதைத்தான் நிறைய பேர் தப்பாகச் செய்கிறார்கள். அரைத்த பொடி சூடாக இருக்கும்போது கட்டினால் புத்தம் புதுசாக இருக்கும் என்று நினைக்கிறோம். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கிறது. கொட்டையாக இருந்தால் அது வெளியேற ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அரைத்துவிட்டால் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வந்துவிடும். சூட்டோடு கட்டினால் அந்த வாயு முழுக்க பாக்கெட்டுக்குள் வருகிறது. பாக்கெட் உப்புகிறது, ஒட்டிய இடத்தைத் தள்ளுகிறது. விமானத்தில் ஏறினால் இன்னும் மோசம். உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் பந்து மாதிரி உப்புமே, பெட்டிக்குள் உங்கள் பொடியும் அப்படித்தான் உப்பும்.

கட்டி பிடித்ததற்குச் சிக்கரி காரணம். காபிப்பொடி அவ்வளவாக ஈரம் இழுக்காது, சிக்கரி சீக்கிரம் இழுத்துவிடும். ஒரு ஸ்பூன் சிக்கரியைத் தட்டில் கொட்டி மழை நாளில் வெளியே வைத்துப் பாருங்கள், சாயங்காலத்துக்குள் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

டிகாஷன் பிரியன் தம்பி சொன்னதில் பாதி சரி. காற்றை எடுப்பது நல்லதுதான். ஆனால் சிலிகா ஜெல் ஈரத்தை மட்டும்தான் இழுக்கும், ஆக்சிஜனை ஒன்றும் செய்யாது. பொடி ஏற்கெனவே காய்ந்துதான் இருக்கிறது. வெளியிலிருந்து ஈரம் வராமல் கவர் தடுத்துவிட்டால் சிலிகாவுக்கு உள்ளே வேலையே இல்லை. அப்புறம், வீட்டு வாக்குவம் மெஷினில் பொடியை வைத்தால் காற்றோடு பொடியும் மேலே ஏறி, ஒட்டுகிற இடத்தில் உட்கார்ந்துவிடும். ஒட்டு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் நடுவில் மயிரிழை போல வழி இருக்கும். பொடிக்கு மேலே ஃபில்டர் பேப்பரோ டிஷ்யூவோ மடித்து வைத்துவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும்.

ஆறு மாதம் கெடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கெடாது, குடிக்கலாம். ஆனால் டீச்சரின் மகள் கேட்பது அந்தக் காபி இல்லை.

டிகாஷன் பிரியன்

அண்ணா, நான் அனுப்பிய பாக்கெட் செங்கல் மாதிரி இறுகி இருந்தது. நாலாவது நாள் அண்ணன் கையில் கிடைக்கும்போது தளர்ந்திருந்ததாம். லீக் என்றுதான் நினைத்தோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த வாயுவாக இருக்குமோ?

அரவைக்கடை

இருக்கலாம். தளர்ந்ததோடு கொஞ்சம் உப்பியும் இருந்தால், உள்ளேயிருந்து வாயு வந்திருக்கிறது, ஒட்டு நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். உப்பாமல் வெறுமனே தளர்ந்து, பாக்கெட்டின் வெளிப்பக்கம் வாசம் அடித்தால் ஒட்டு விட்டிருக்கிறது.

மன்னை மல்லிகை

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள்! என்னிடம் மெஷின் கிடையாது. எங்கள் அப்பா மெழுகுவர்த்தியில் ஹேக்சா பிளேடை வைத்துக் கவர் ஒட்டுவார், அது எனக்குத் தெரியும். அது போதுமா?

அரவைக்கடை

டீச்சர், அந்த முறை மெல்லிய பாலிதீனுக்குச் சரி. நீங்கள் இந்த முறை அலுமினிய ஃபாயில் பவுச்சில்தான் அனுப்ப வேண்டும். அதில் நடுவில் ஃபாயிலும் உள்பக்கம் உருகி ஒட்டுகிற படலமும் இருக்கும். மெழுகுவர்த்திச் சூட்டை ஃபாயில் பரப்பிவிடும். ஒரு இடம் கருகும், பக்கத்து இடம் ஒட்டாது.

பவுச் வாங்கும்போது ஏமாறாதீர்கள். வெளியே வெள்ளியாக மின்னுவது எல்லாம் ஃபாயில் இல்லை. செல்போன் டார்ச்சை உள்ளே விட்டு இருட்டில் பாருங்கள். வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக்கின் மேல் பூசிய மெல்லிய பூச்சு. கொஞ்சமும் தெரியாவிட்டால் நிஜ ஃபாயில். நிஜ ஃபாயிலைக் கசக்கினால் கசங்கியபடியே நிற்கும், பூச்சுக் கவர் திரும்ப விரியும். பூச்சுக் கவர் மோசம் இல்லை, ஆனால் பார்சலில் வாரக்கணக்கில் போவதற்கு ஃபாயில்தான்.

கடையில் அரைத்து வந்ததும் எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, மூடியை அழுத்தாமல் மேலே வைத்து மட்டும் விடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். வாசம் கொஞ்சம் போகும், போகட்டும், அதைத் தவிர்க்க முடியாது. காலையில் பொடி முழுக்க ஆறியிருக்கும், வாயுவும் பெரும்பாலும் வெளியேறியிருக்கும்.

பிறகு கால் கிலோ கால் கிலோவாகப் பவுச்சில் போடுங்கள். மேலே மூன்று விரல் இடம் காலியாக இருக்க வேண்டும். வாயின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இதில் அவசரப்படக் கூடாது, ஒட்டுகிற இடத்தில் துளிப் பொடி இருந்தாலும் அங்கே ஒட்டாது. பவுச்சை மேஜையில் படுக்கவைத்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் வைத்து, மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, பெட்டியின் ஓரத்தால் மூன்று நாலு விநாடி அழுத்துங்கள். முதலில் ஒரு காலிப் பவுச்சில் பழகிக்கொள்ளுங்கள். ஒட்டிய இடத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பிரியக் கூடாது. சரியாக வந்ததும் ஒரு சென்டிமீட்டர் கீழே இரண்டாவது கோடு போடுங்கள்.

கடைசியாகச் சோதனை. பவுச்சைத் தண்ணீர் வாளியில் முக்கி, கையால் அழுத்துங்கள். ஊசி முனை மாதிரிக் குமிழி வரிசையாக வந்தால் அங்கே ஓட்டை. வராவிட்டால் துடைத்துக் காயவைத்து, காலி டிபன் டப்பாவில் போட்டு மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் டப்பாவைத் திறந்து முகருங்கள். காபி வாசம் வந்தால் அந்தப் பவுச்சை அனுப்பாதீர்கள். என் அப்பா இந்த டப்பாச் சோதனை பார்க்காமல் வெளியூர்ப் பொட்டலம் எதையும் கொடுத்ததில்லை.

நெக்கர் கரை

வணக்கம் அம்மா. நானும் ஸ்டுட்கார்ட்டில்தான் இருக்கிறேன், பதினொரு வருஷமாக. சுங்கம் பற்றி நான் சொல்கிறேன்.

ஜெர்மனியில் காபிக்கென்றே தனி வரி இருக்கிறது. வறுத்த காபி கிலோவுக்கு 2.19 யூரோ, இன்ஸ்டன்ட் மாதிரி கரையும் காபிக்குக் கிலோவுக்கு 4.78 யூரோ. இது இறக்குமதி மதிப்புக் கூட்டு வரிக்கு மேல் தனியாக. உங்கள் ஒன்றரை கிலோ முழுக்கக் காபியாக இருந்திருந்தால் காபி வரி மட்டும் 3 யூரோ 29 சென்ட் வரும். தொகை பெரிசில்லை. ஆனால் வரி உண்டு என்றால் பெட்டி நிற்கும், கடிதம் வரும். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாலும், அந்த வரியை முன்பணமாகக் கட்டியதற்கென்று பார்சல்காரர் தனிக் கட்டணம் கேட்பார், அது பல நேரம் வரியைவிட அதிகம்.

வரி இல்லாமல் வர ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒரு தனி நபர் இன்னொரு தனி நபருக்கு, காசு வாங்காமல், எப்போதாவது அனுப்பும் அன்பளிப்புப் பார்சல், மொத்த மதிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் வரி கிடையாது. ஆனால் அந்தப் பார்சலுக்குள் காபி 500 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கரையும் காபியென்றால் 200 கிராம். உங்கள் பார்சல் மதிப்பில் தேறியிருக்கும், எடையில்தான் மாட்டியது.

புதுப்பால் சொன்ன பாட்டிலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள், இரண்டு பெரிய பாட்டில் வைத்தாலே அளவு தாண்டிவிடும்.

டிகாஷன் பிரியன்

அப்படியானால் யாராவது வரும்போது சூட்கேசில் கொடுத்துவிட்டாலும் 500 கிராம்தானா? என் நண்பன் அப்படித்தான் சொன்னான். இன்னொன்று, மதிப்பைக் குறைத்து எழுதி, உள்ளே துணி என்று மட்டும் போட்டுவிட்டால் என்ன?

நெக்கர் கரை

சூட்கேசில் 500 கிராம் என்பது பழைய விதி. இப்போது விமானத்தில் வரும் பெரியவர் ஒருவர் மொத்தம் 430 யூரோ மதிப்பு வரை சொந்த உபயோகத்துக்கோ அன்பளிப்பாகவோ பொருள் கொண்டுவரலாம், காபியும் அதற்குள் அடங்கும். அதனால் இரண்டு கிலோவை யாராவது கையோடு கொண்டுவந்தால் பிரச்சினை இல்லை. பார்சலுக்கு மட்டும்தான் அந்த 500.

இரண்டாவது கேள்விக்கு: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெட்டி ஸ்கேனருக்குள் போகும். துணி என்று எழுதிய பெட்டிக்குள் பழுப்புப் பொடி இருந்தால் அவர்கள் திறக்காமல் விடுவார்களா? திறந்தால் பவுச்சையும் கிழித்துப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு கவனமாக ஒட்டியிருந்தும் என்ன பயன்? உள்ளே இருப்பதை அப்படியே எழுதுங்கள். 'ரோஸ்டட் கிரவுண்ட் காபி வித் சிக்கரி, 2 பாக்கெட், 250 கிராம் வீதம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் போட்டு, கடை பில்லின் நகலை உள்ளே வையுங்கள். பவுச்சின் மேலும் அதே விவரத்தை ஒட்டுங்கள்.

இன்னொரு விஷயம். காபியோடு பால்கோவா, நெய், மைசூர்பாகு எதையும் வைக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருள், இறைச்சிப் பொருள் தனிப்பட்ட பார்சலில் வரக் கூடாது. எனக்கு அம்மா அனுப்பிய பெட்டியில் காபி சரியாகத்தான் இருந்தது, பக்கத்தில் இருந்த அரை கிலோ நெய்யால் பெட்டி முழுக்க நின்றுவிட்டது.

மன்னை மல்லிகை

ஐயோ, இந்த முறை பால்கோவா வைக்கத்தான் இருந்தேன். நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. ஒரு சந்தேகம். அரை கிலோவில் நூறு கிராம் சிக்கரிதானே? அப்படியானால் 600 கிராம் கலவை அனுப்பினால் அதில் காபி 480தான். அது 500-க்குள் வருமா?

நெக்கர் கரை

கலப்புப் பொடிக்கு அதில் காபி எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து வரி படிப்படியாகக் குறையும், அது நிச்சயம். ஆனால் அந்த 500 கிராம் அளவில் சிக்கரியைக் கழிப்பார்களா என்பது அன்று மேஜையில் இருக்கும் அதிகாரியைப் பொறுத்தது போலத்தான் எனக்குப் படுகிறது. பாக்கெட்டைத் தராசில் வைப்பார்கள், உள்ளே எத்தனை பங்கு சிக்கரி என்று யார் அளக்கப் போகிறார்கள்? மொத்தமே 500-க்குள் வையுங்கள்.

எடிசன் வாசி

அமெரிக்காவில் எங்களுக்கு இந்தக் காபி வரியெல்லாம் இல்லை. வறுத்த காபியைச் சூட்கேசில் கொண்டுவரலாம், ஆனால் உணவுப் பொருள் இருக்கிறது என்று கட்டாயம் சொல்ல வேண்டும். என் மாமியார் சொல்லாமல் வந்து ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார்கள். காபிக்காக இல்லை, சொல்லாததற்காக. இன்னொரு முறை அவர் கைப்பையில் அரை கிலோ பொடி வைத்திருந்தார். 350 மில்லிக்கு மேல் எந்தப் பொடி கைப்பையில் இருந்தாலும் அமெரிக்க விமானங்களுக்குத் தனிச் சோதனை உண்டு. பாவம், சென்னையிலிருந்து பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்ததை நடுவழியில் இறங்கிய ஊரில் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பெரிய பெட்டியில் போட்டுவிடுவதே நல்லது.

வடமராட்சிப் பெண்

நாங்கள் கடையில் வாங்குவதில்லை. வீட்டில் கோப்பிக் கொட்டையோடு மல்லியும் கொஞ்சம் சுக்கும் போட்டு வறுத்து, உரலில் இடித்து, ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்புகிறனாங்கள். அம்மா தகரப் பேணியில் போட்டு மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி விடுவா. மல்லி சேர்த்ததாலோ என்னவோ, இரண்டு கிழமையில் ஒரு எண்ணெய் மணம் வந்துவிடுகிறது. கடைப் பில்லும் இல்லை. இதற்கு என்ன செய்யலாம் அண்ணா?

அரவைக்கடை

தங்கச்சி, பேணியில் காற்று அதிகம் தங்கிவிடுகிறது, அதுதான் காரணமாக இருக்கும். பொடியைத் தலை தட்டி நிரப்பினாலும் துகள்களுக்கு இடையில் காற்று இருக்கும். மல்லியில் எண்ணெய் உண்டு, இடித்துவிட்டால் அது சீக்கிரம் காறல் அடிக்கும். ஃபாயில் பவுச்சில் காற்றை அழுத்தி எடுத்து ஒட்டி, அந்தப் பவுச்சைப் பேணிக்குள் வையுங்கள். பேணி நசுங்காமல் காக்கும், பவுச் காற்றைத் தடுக்கும். முடிந்தால் கோப்பித்தூளைத் தனியாகவும் மல்லி சுக்குத் தூளைத் தனியாகவும் அனுப்புங்கள். அண்ணா போடும்போது கலந்துகொள்ளட்டும். பில் இல்லாவிட்டால், என்னென்ன சேர்த்தது, எந்தத் தேதியில் இடித்தது என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

நெக்கர் கரை

அரவைக்கடை அண்ணா, ஒரு கேள்வி. கொட்டையாக அனுப்பினால் இந்த வாசப் பிரச்சினை பாதி தீராதா? நான் ஊருக்குப் போனால் கொட்டைதான் வாங்கிவருகிறேன், சின்னக் கை மில்லில் அன்றன்றைக்கு அரைக்கிறேன். ஒன்றரை மாதம் வரை நன்றாக இருக்கிறது.

அரவைக்கடை

தீரும். அரைக்காத கொட்டை பொடியைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் கொட்டையை உடனே இறுக்க ஒட்ட முடியாது, வாயு நாள் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அதற்கென்று ஒருவழி வால்வு வைத்த பவுச் இருக்கிறது. உள்ளிருந்து வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. அந்த வால்வின் மேல் டேப்போ லேபிளோ ஒட்டக் கூடாது.

சிக்கரியைத் தனிப் பவுச்சில் தூளாக அனுப்ப வேண்டும். அங்கே அரைக்க மில் வேண்டும். மிக்சியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும். மாவு ஃபில்டரின் துளையை அடைத்துக்கொள்ளும், டிகாஷன் சொட்டுச் சொட்டாகக்கூட இறங்காது. டீச்சரின் மகளிடம் மில் இருக்கிறதா?

மன்னை மல்லிகை

இல்லை. கைக்குழந்தையோடு அவள் மில் சுற்றுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. பொடியே அனுப்புகிறேன். இரண்டு கிலோவை ஒரே முறை அனுப்புவதை விட்டுவிட்டேன். அரை கிலோ, இரண்டு கால் கிலோப் பவுச். அது தீரும் சமயம் அடுத்தது.

டிகாஷன் பிரியன்

அடிக்கடி அனுப்பினால் தபால் செலவு காபி விலையைத் தாண்டிவிடுமே அம்மா.

மன்னை மல்லிகை

தாண்டுகிறதுதான் தம்பி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன முறை ஒன்றரை கிலோவுக்கும் செலவழித்து, வரியும் கட்டி, அவள் ஒரு டம்ளர்கூட ரசித்துக் குடிக்கவில்லை. யாராவது நேரில் போகும்போது இரண்டு கிலோ கொடுத்துவிடுவேன், மற்ற நேரத்துக்கு அரை கிலோ.

மன்னை மல்லிகை (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரைத்துவந்து டப்பாவில் மூடி அழுத்தாமல் வைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்ததில் நான் முதலில் வாங்கிய பவுச்சில் வெளிச்சம் தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் ஃபாயில் வாங்கினேன். சனிக்கிழமை காலையில் ஒட்டினேன். காலிப் பவுச்சில் இரண்டு முறை பழகியும், முதல் பவுச்சைத் தண்ணீரில் அழுத்தியபோது இடது மூலையில் குமிழி வந்தது. பிரித்துப் பார்த்தால் மடிப்பில் ஒரு சிட்டிகைப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று அந்தக் கால் கிலோவை வீட்டுக்கே வைத்துக்கொண்டு, வேறு பவுச்சில் வேறு பொடி நிரப்பினேன். இரண்டையும் டிபன் டப்பாவில் ஒரு ராத்திரி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை டப்பாவைத் திறந்தால் எவர்சில்வர் வாசம் மட்டும்தான்.

திங்கட்கிழமை அனுப்பியது 16 நாளில் போய்ச் சேர்ந்தது. கடிதம் வரவில்லை, வரி இல்லை, தபால்காரர் வீட்டிலேயே கொடுத்துவிட்டார். பவுச் லேசாக உப்பியிருந்ததாம், ஒட்டு விடவில்லை. குழந்தைச் சட்டையில் வாசமே இல்லையாம்! கத்தரித்ததும் அறை முழுக்க வாசம் வந்தது என்றாள். வீடியோவில் ஃபில்டரைக் காட்டினாள். வெந்நீர் ஊற்றியதும் பொடி மெதுவாக எழும்பி நடுவில் குமிழி விட்டது. கடையில் அன்றைக்கு வாங்கிய பொடி அளவுக்கு எழும்பவில்லை, ஆனால் எழும்பியது. நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஒரு கால் கிலோவைத் திறந்துவிட்டாள். இன்னொன்றை அது தீரும்வரை ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்கிறாள்.

நெக்கர் கரை

வைக்கலாம் அம்மா, பிரிக்காமல் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உடனே கத்தரிக்கக் கூடாது. ராத்திரி எடுத்து மேஜையில் வைத்து, காலையில் அறைச் சூட்டுக்கு வந்தபிறகு கத்தரிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த பொடி மேல் ஈரம் படிந்து, சிக்கரி மறுபடி கட்டி பிடிக்கும். திறந்ததைத் திரும்ப ஃப்ரீசருக்குள் வைக்கவே கூடாது.

அரவைக்கடை

நான் ஃப்ரீசர் பக்கமே போக மாட்டேன். ஒட்டிய ஃபாயில் பவுச் இன்னும் பத்து நாள் அலமாரி இருட்டில் இருந்தால் என்ன ஆகிவிடப் போகிறது? எடுத்து வைக்கும்போது கை தவறினால் ஈரத்தால் வரும் நஷ்டம் பெரிசு. டீச்சர், மகள் அடுத்த பவுச்சை ஒரு முறை அலமாரியில் வைத்துப் பார்க்கட்டும், அதற்கடுத்ததை ஃப்ரீசரில். எது நன்றாக எழும்புகிறது என்று இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.